தார் நுரைத்த இடம்

தார் வேலைக்கு சௌந்தரபாண்டியன் என்றால் மல்லாங்கிணற்றிலிருந்து மதுரை வரைக்கும் ஒரு பேர் இருந்தது. மில்லுக்காரர்கள் தேடி வந்து கூப்பிட்டுப் போவார்கள். ஃபெல்ட்டு என்கிற அந்தக் கறுப்புச் சுருளை, கூரைத் தளத்தில் காய்ச்சின தாரை ஊற்றித் தேய்த்து அது ஆறுவதற்குள் உருட்டி உருட்டி ஒட்டவேண்டும். மழைத்தண்ணீர் காங்கிரீட்டுக்குள் இறங்காமல் இருக்க அதுதான் தோல். பார்த்தால் யாரும் செய்துவிடலாம் போலத்தான் இருக்கும். செய்துவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர்கள் ஒட்டின கூரையெல்லாம் மறு வருஷமே அம்மை போட்ட முதுகாக இருக்கும். சௌந்தரபாண்டியன் ஒட்டினது அப்படிக் கிடக்காது. காரணம் ஒன்றே ஒன்றுதான். தளத்தில் ஈரம் இருந்தால் அவன் தார் அடுப்பையே பற்ற வைக்கமாட்டான். யார் சொன்னாலும் வைக்கமாட்டான்.

அப்படிப்பட்ட மனுசன் ஒரே ஒரு கூரையில் சறுக்கினான். அதுவும் சொந்தத் தங்கச்சி வாழ்ந்த வீட்டுக் கூரையில்.

தங்கச்சி சுந்தராம்பாளை அருப்புக்கோட்டையில் வத்தல் மண்டி வைத்திருந்த சின்னத்துரைக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. மண்டியும் வீடும் ஒரே வளவுக்குள். திருச்சுழிப் பக்கத்துக் கரிசலில் விளையும் மிளகாயில் பாதி அந்த வாசலுக்குத்தான் வந்து இறங்கும். நல்ல இடம்தான். ஆனால் மாமியார் முத்துமாரியம்மாள் இருக்கிறாளே, அவள் பேச்சுக்கு முன்னால் மிளகாயாவது ஒன்றாவது. கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு நாள் சுந்தராம்பாள் ஏதோ பதிலுக்குப் பதில் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். பொழுது சாயும்போது ஒரு டிரங்குப் பெட்டியோடு மல்லாங்கிணற்று பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் அண்ணன் வீட்டில் கிடந்தாள். கிடந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். சௌந்தரபாண்டியன் பெண்சாதி பொன்னுத்தாய் வாய்விட்டு ஒன்றும் சொன்னதில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள். சுந்தராம்பாள் சோற்றுத் தட்டில் கை வைக்கும்போதெல்லாம் அண்ணன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் அவன் வெளியூர் வேலைகளாகப் பார்த்து ஒத்துக்கொண்டு போனான். கடைசியில் சொந்தபந்தம் நாலு பேர் கூடிப் பேசி, சின்னத்துரையும் மனசு இளகி வந்து கூட்டிக்கொண்டு போனான். பஸ் கிளம்பினபோது சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கியது. கூடவே, அப்பாடா என்றும் இருந்தது. அந்த அப்பாடாவை நினைத்தால் அவனுக்கு இன்றைக்கும் அவன் மேலேயே வெறுப்பு வரும்.

அதற்கு அடுத்த தை மாசம், எழுபத்து மூன்றில், சின்னத்துரை வளவுக்குள்ளேயே பெரிய வத்தல் கிட்டங்கி ஒன்றைக் கட்டித் தளம் போட்டான். மாசி பங்குனியில் மலிவாக வாங்கி அடுக்கி வைத்தால் ஐப்பசிக்கு மேல் நல்ல விலைக்குத் தள்ளலாம் என்பது யோசனை. மேலே தட்டோடு பதிக்கலாம் என்று கொத்தனார் சொன்னார். சின்னத்துரை கேட்கவில்லை. மதுரையில் ஒரு மில் கூரையைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். "எங்க மச்சான் கையிலயே அந்த வேல இருக்கும்போது நான் எதுக்கு ஓட்டுக்குப் போறேன்?" என்றான். முத்துமாரியம்மாளும் தலையாட்டினாள். அந்த வீட்டிலிருந்து சமாதானமாக நீட்டின முதல் கை அது. வேலைக்கு வரச்சொன்ன அன்று சுந்தராம்பாள் அண்ணனுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

சாப்பிட்டுவிட்டுத் தளத்தில் ஏறிப் பார்த்தான்.

தளம் முழுக்க மிளகாய். சிவப்புக் கம்பளம் விரித்தது போலக் கிடந்தது. அந்த ஊரில் மாசி மாசத்தில் ஒரு சமதளத்தைச் சும்மா போட்டு வைப்பது என்பது நெல்லைக் கொட்டிவிட்டு அள்ளாமல் போவதற்குச் சமம். களம் கிடைக்காமல் ரோட்டில் காயப்போடுகிறவர்கள் இருக்கும்போது, வழவழவென்று பூசின புதுத்தளத்தை யார் விடுவார்கள்? பகலில் பரப்பிக் காயவைப்பது, சாயங்காலம் நடுவில் கூட்டிக் குவித்து, பனி பட்டு வெளுத்து விலைபோகாத சண்டாகிப் போகாமல் தார்ப்பாய் போட்டு மூடுவது. மூடினது காலையில்தான் திறக்கும். தளம் போட்ட கையோடு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி ஊறப்போட்டார்கள். அது கட்டாயம் செய்யவேண்டியதுதான், இல்லாவிட்டால் காங்கிரீட்டுக்கு உறுதி வராது. அந்தத் தண்ணீரை வடித்த கொஞ்ச நாளில் மிளகாய் ஏறிவிட்டது. பழுத்த மிளகாயில் இருக்கிற ஈரமும் போதாதென்று மேலே தார்ப்பாயும். குடித்த தண்ணீரை வெளியே விடுவதற்குத் தளத்துக்கு எங்கே நேரம் இருந்தது?

"மாப்பிள்ள, இத அள்ளச் சொல்லுங்க. தளம் வெறுமனே வெயில்ல கெடக்கணும்," என்றான்.

"அதான் கல்லு மாதிரிக் காஞ்சி கெடக்கே மச்சான். கால வைக்க முடியல."

"மேல காஞ்சிருக்கு. உள்ள இருக்கறதப் பாக்கணும்ல."

அன்று சாயங்காலமே நடுத்தளத்தில் குவியலைத் தள்ளச் சொல்லி, சுத்தமாகக் கூட்டி, யூரியா மூட்டைக்குள் வருகிற பாலித்தீன் உறை ஒன்றைக் கிழித்து விரித்தான். நாலு ஓரத்திலும் காய்ந்த மணலை வரப்பு மாதிரி போட்டுக் காற்றுப் புகாமல் கரண்டியால் அமுக்கிவிட்டுப் போனான். மறுநாள் முதல் பஸ்ஸுக்கு வந்து ஏறிப் பார்த்தான். பாலித்தீன் தாளின் மேல்பக்கம் லேசாக நனைந்திருந்தது. அது பனி, அதில் ஒன்றும் இல்லை. மணலை ஒதுக்கித் தாளைப் புரட்டினான். அடிப்பக்கத்தில் இட்டிலிக் கொப்பரை மூடியில் நிற்பது போல முத்து முத்தாகத் தண்ணீர். தாள் கிடந்த இடத்தில் தளம் கறுத்து ஒரு சதுரமாகத் தெரிந்தது. சுற்றிலும் வெளுத்துக் கிடந்தது.

சின்னத்துரையைக் கூப்பிட்டுக் காட்டினான். சின்னத்துரை குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"நம்ம ஊருல கெணத்துல இல்லாத தண்ணி காங்கிரீட்டுக்குள்ள இருக்காமே! முன்னமே சொல்லியிருந்தா எறைச்சுக் குடிச்சிருப்போம்ல மச்சான்."

கீழே நின்ற வேலையாட்களெல்லாம் சிரித்தார்கள். சௌந்தரபாண்டியனும் சிரித்து வைத்தான். பிறகு பொறுமையாகச் சொன்னான். "கறுப்பு ஃபெல்ட்ட ஒட்டிட்டோம்னா சித்திர வெயில்ல அது கொதிக்கும் மாப்பிள்ள. உள்ள இருக்கற ஈரம் ஆவியாகும். ஆவி சும்மா கெடக்குமா? எடம் கேக்கும். மேல போக வழி இல்லன்னா எங்க தார் சரியாப் பிடிக்கலயோ அங்க ஃபெல்ட்டத் தூக்கும். ஈரத் தளத்துல தாரு பிடிக்கவும் பிடிக்காது. பூரி உப்புற மாதிரி உப்பிக்கிரும். ராத்திரி சூடு எறங்கினா கொஞ்சம் அமுங்கும், மறுநா இன்னும் கொஞ்சம் கூட உப்பும். அப்படியே பெருத்துப் பெருத்து ஒரு நா வெடிச்சிரும். வெடிச்ச வாய்வழியா மழ உள்ள போச்சுன்னா, வத்த மூடையெல்லாம் என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கோங்க."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"மொளகாய அள்ளிட்டு, ராவும் பகலும் தெறந்து கெடந்தா ஒரு மாசம். பெறகு திரும்பத் தாளப் போட்டுப் பாப்போம்."

சின்னத்துரையின் சிரிப்பு நின்றுபோனது. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குக் கிட்டங்கியைத் திறப்பதாக ஊரெல்லாம் சொல்லியாயிற்று. கோடை மழை ஒன்று அடித்தால் மேலே தோல் இல்லாமல் உள்ளே சரக்கு ஏற்ற முடியாது. அவனுக்கு அவன் கஷ்டம். இறங்கிப் போனான். பேச வேண்டியதையெல்லாம் பேச வீட்டில்தான் ஆள் இருந்ததே.

சௌந்தரபாண்டியன் கை கழுவ அடுப்படிப் பக்கம் போனபோது முத்துமாரியம்மாள் குரல் கேட்டது. மருமகளிடம் பேசுவது போல, ஆனால் வாசல் வரைக்கும் கேட்கும்படி.

"வந்த வேலயச் செஞ்சிட்டுப் போகத் துப்பில்ல. ஈரமாம் ஈரம். தங்கச்சிய வச்சுச் சோறு போட ஏலாம அனுப்பிவிட்டவுக, எங்களுக்கு ஒழுகும் ஒழுகாதுன்னு பாடம் நடத்துறாக. பொங்கலுக்குள்ள கிட்டங்கி தெறக்கலன்னா, ஒங்க அண்ணன் வாரப்போ அவுக கூடயே பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிரு. இந்தத் தடவ கூட்டிட்டு வர ஆளு வராது, பாத்துக்க."

சுந்தராம்பாள் பதில் சொல்லவில்லை. ஒரு தடவை சொன்ன பதிலுக்கே ஒரு வருஷம் கிடந்தவள். குழாயடியில் நின்ற அண்ணனைத் தாண்டி நடந்து போனாள். பழைய சோற்றுத் தட்டுப் பார்வை அப்படியே திரும்ப அவள் கண்ணில் வந்து உட்கார்ந்திருந்தது.

மிளகாயை அள்ளினார்கள். பேருக்கு அள்ளினார்கள். அவன் வருகிற அன்று தளம் வெறுமையாகக் கிடக்கும். அவன் பஸ் ஏறினதும் கிழவி முத்துமாரியம்மாள் ஆட்களை விட்டு மறுபடி பரப்பிவிடுவாள். ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த விதைகளைப் பார்த்து அவனுக்கு அது தெரிந்தே இருந்தது. சொன்னால் தங்கச்சி தலையில் விடியும் என்று வாயை மூடிக்கொண்டான்.

கோயிலில் பொங்கலுக்கு நாள் சாட்டியாகிவிட்டது. அந்த வாரம் திரும்பவும் தாளை விரித்தான். அதே நடு இடம். மணலைப் போட்டுக் கரண்டியால் அமுக்கினான். இந்தத் தடவை சுந்தராம்பாள் படியேறி வந்து, துணி எடுக்கிற சாக்கில் கொடி ஓரம் நின்றாள்.

"இதுல தண்ணி நிக்கலைன்னா ஆரம்பிச்சிருவீகளாண்ணே?"

"நிக்கலைன்னா நாளைக்கே அடுப்பப் பத்த வச்சிருவேன்."

"நின்னா?"

கரண்டியைச் சாக்கில் துடைத்தான். அவள் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலையில் சௌந்தரபாண்டியன் தாளைப் புரட்டினான். அடிப்பக்கம் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டு இல்லை. தளத்தில் கறுப்புச் சதுரமும் இல்லை. சின்னத்துரை கையைத் தட்டினான். "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்று அவன் முதுகில் ஒரு போடு போட்டான். சௌந்தரபாண்டியனுக்கும் பெரிய பாரம் இறங்கினாற்போல் இருந்தது. ஆனால் மணலை அள்ளும்போது ஒன்று கண்ணில் பட்டது. அவன் கரண்டியால் வழித்து அமுக்கின மணல் ஒரு பக்கம் கையால் தட்டி வைத்தது போலிருந்தது. அதில் விரல் பதிந்திருந்தது. சின்ன விரல். காற்றாக இருக்கும், பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பூனைக்கு அஞ்சு விரல் எப்படி வரிசையாகப் பதியும் என்று யோசிக்க அவனுக்கு மனசு இல்லை. வேறு யார் வீட்டுக் கூரையாக இருந்தாலும் இன்னொரு ராத்திரி தாளைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருப்பான்.

அடுப்பைப் பற்ற வைத்தார்கள். டிரம்மில் தார் உருகிக் கொதித்தது. அவனிடம் வருஷக்கணக்காக வேலை பார்த்த நல்லகண்ணு வாளியில் மொண்டு மேலே கொண்டு வந்தான். வேலை தொடங்குமுன் முதல் குவளைத் தாரை நடுத்தளத்தில் ஊற்றிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். காய்ந்த தளமாக இருந்தால் தார் பளபளவென்று கண்ணாடி மாதிரிப் பரவி அப்படியே அடங்கும். ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகித் தாரைக் கிளப்பும். நுரைக்கும், சடசடவென்று பொரியும். ஆறினபிறகு கத்தியைக் கொடுத்தால், பழகின கல்லிலிருந்து தோசை வருவது போல முழுசாகக் கழன்று வரும். தாள் ஏமாற்றினாலும் தார் ஏமாற்றாது.

நல்லகண்ணு ஊற்றினான். தார் பரவியது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஓரத்தில் ஒரு குமிழி வந்தது. அதையடுத்து இன்னொன்று. அப்புறம் தார் முழுக்கப் பொங்கி நுரைத்து, சின்னச் சின்ன வாயாகத் திறந்து திறந்து மூடியது.

"அண்ணாச்சி, நுரைக்குதே," என்றான் நல்லகண்ணு.

சௌந்தரபாண்டியன் தலையைத் தூக்கினான். கீழே வளவில், வாசல் நடுவில், சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. கூட்டவில்லை. மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் நின்ற நிலையில் அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நேற்று அவன் இறங்கினபிறகு அவள் ஏறி வந்திருக்கிறாள். மணலை ஒதுக்கித் தாளை எடுத்துவிட்டாள். தளம் ராத்திரி முழுக்கக் காற்றில் கிடந்திருக்கிறது, தாள் எங்கேயோ மடித்துக் கிடந்திருக்கிறது. விடியுமுன் மறுபடி விரித்து மணலைக் கையால் தட்டி வைத்திருக்கிறாள். தண்ணீர் முத்து எங்கேயிருந்து நிற்கும்? அவள் ஊரை ஏமாற்றவில்லை. அண்ணனை மட்டும்தான் ஏமாற்றினாள். அவன் ஒருத்தன் 'சரி' என்றால் போதும், அவள் அந்த வீட்டில் இருந்துகொள்வாள்.

கிழவி வாசல் நிலையில் சாய்ந்து நின்று மருமகளையே பார்த்தாள். சின்னத்துரை தளத்தின் மறு ஓரத்தில் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். நுரையைப் பார்த்தவர்கள் ரெண்டே பேர்.

இப்போது நிறுத்தினால்? தாளில் காய்ந்திருந்தது தாரில் எப்படி நுரைக்கிறது என்று சின்னத்துரை கேட்பான். மணலில் கை வைத்தது யார் என்று கேட்பான். கேட்காவிட்டாலும் பொங்கல் தப்பும், டிரங்குப் பெட்டி மல்லாங்கிணற்றுக்கு வரும். பொன்னுத்தாய் பாத்திரத்தை வைக்கும் சத்தம் அவன் காதிலேயே கேட்டது. கேட்டபோது, வரவேண்டாம் என்று அவன் மனசு சொன்னது. அது தங்கச்சிக்காகச் சொன்னதா தனக்காகச் சொன்னதா என்று அவனுக்கே தெரியவில்லை.

"வாளியில ஈரம் இருந்திருக்கும்," என்றான். "ஊத்துப்பா."

நல்லகண்ணு அவன் முகத்தைப் பார்த்தான். வாளி தார் அடுப்போரம் காய்ந்து கிடந்த வாளி. அது அவனுக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். நல்லகண்ணு குனிந்து அந்த நுரையின் மேலேயே தாரை ஊற்றித் தேய்த்தான். சௌந்தரபாண்டியன் சுருளை உருட்டினான். கீழே விளக்குமாறு சரசரவென்று கூட்ட ஆரம்பித்த சத்தம் கேட்டது.

பங்குனிப் பொங்கலுக்குக் கிட்டங்கி திறந்தார்கள். சௌந்தரபாண்டியனுக்கு வேட்டி துண்டு வைத்துக் கொடுத்தார்கள். முத்துமாரியம்மாள் அவனைப் பார்த்து, "சாப்பிட்டுட்டுப் போப்பா," என்றுகூடச் சொல்லிவிட்டாள். அவன் பாதிச் சோற்றிலேயே இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

சித்திரை பாதியில் ஆள் வந்தது, மச்சான் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. நடுத்தளத்தில், மிளகாய்க் குவியல் கிடந்த இடம் அத்தனையும் உப்பியிருந்தது. உள்ளங்கை அகலம், தாம்பாளம் அகலம், சில இடத்தில் ஒரு பிள்ளை படுத்திருப்பது போல. மிதித்தால் அமுங்கிப் பக்கத்தில் எழும்பியது. பெரிய கொப்புளம் ஒன்றில் கத்தியை வைத்துச் சிலுவை போலக் கீறினான். உஸ்ஸென்று வெந்நீர் மூச்சு ஒன்று முகத்தில் அடித்தது. அதில் வத்தல் நெடி. நாலு பக்கமும் மடக்கிப் பார்த்தான். ஃபெல்ட்டின் அடியில் வேர்வையாகத் தண்ணீர் ஒட்டியிருந்தது, தளம் கறுத்து நனைந்து கிடந்தது. தார் ஃபெல்ட்டோடு கழன்று வந்திருந்தது, தளத்தில் அதன் பொட்டுக்கூட இல்லை.

சுந்தராம்பாள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"தாள ஏம்மா எடுத்த?"

"எந்தத் தாள?"

"ஏங்கிட்டச் சொன்னா என்ன? நான் ஓம் அண்ணன்தான்."

அவள் கொப்புளத்துக்குள் தெரிந்த ஈரத்தைப் பார்த்தபடியே நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க பாத்துத்தானே ஊத்துனீக?" என்று சொல்லிவிட்டுச் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் இன்னும் அதில் வாய் வைத்திருக்கவில்லை.

கீறின இடங்களை வெயிலில் காயவிட்டு, தாரை ஊற்றி மடக்கி ஒட்டி, மேலே ஒரு துண்டு போட்டான். ஒன்றை அடைத்தால் நாலு நாளில் பக்கத்தில் ஒன்று கிளம்பியது. முழுசாக உரித்துக் காயப்போட்டால்தான் தீரும். உரிக்கிறேன் என்று சொன்னால் காரணம் சொல்லவேண்டும். ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தான். போதாததற்கு, கிழவி அதன் மேலேயும் மிளகாய் பரப்பினாள். பலகை கொண்டு தள்ளுகிற பெண்கள் கொப்புளத்தை மிதித்தார்கள். வெயிலில் இறுகின ஃபெல்ட்டு உச்சியில் விண்டு விண்டு வாயைப் பிளந்தது.

ஐப்பசியில் மழை வந்தது. அந்தச் சீமையில் வராதது வந்தால் மொத்தமாக வரும், அப்படித்தான் வந்தது. ஊரெல்லாம் வாசலில் நின்று கையேந்திச் சந்தோஷப்பட்டது. பிளந்த வாய்கள் வழியாகத் தண்ணீர் ஃபெல்ட்டுக்கு அடியில் இறங்கியது. ஆவியை மேலே ஏறவிடாத தோலே இப்போது மழைத்தண்ணீரையும் வெளியே விடாத தோலாகி, தண்ணீர் அடியிலேயே ஓடிப் பரவி, தளத்தில் எங்கெங்கே முடி போல மெல்லிய கீறல் விட்டிருந்ததோ அங்கெல்லாம் சொட்டியது. விலை ஏறட்டும் என்று அடுக்கி வைத்திருந்த மூடைகளை அவிழ்த்தபோது உள்ளே வத்தல் கறுத்து, பூசணம் பூத்து, கட்டி கட்டியாக இருந்தது. அந்த நாற்றம் தெரு முக்கு வரைக்கும் அடித்தது.

சௌந்தரபாண்டியனைக் கூப்பிட்டு விட்டார்கள். கூடத்தில் சின்னத்துரை, கிழவி, மண்டிக்காரர்கள் ரெண்டு பேர். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"சொந்தக்காரன்னு நம்பிக் குடுத்தேன் மச்சான்," என்றான் சின்னத்துரை. அவன் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"அண்ணனும் தங்கச்சியும் சேந்துல்ல குடியக் கெடுத்துட்டாக," என்று கிழவி ஆரம்பித்தாள். "எங்கடா அவ? கூப்புடு. ஈரம் ஈரம்னு ஒரு மாசம் ஆட்டங் காட்டிட்டு, பெறகு எதப் பாத்து ஒட்டுனாராம் இவுக அண்ணன்? அவளயே கேளு. இன்னைக்கு இந்த வீடா, அந்த வீடான்னு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்."

சுந்தராம்பாள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சௌந்தரபாண்டியன் அவளைப் பார்த்தான். அவன் வாய்க்குள் எல்லாம் இருந்தது. மணல், விரல், மடித்து வைத்த தாள், அவன் பஸ் ஏறினபிறகு ரகசியமாகப் பரப்பின மிளகாய். ஒரு வார்த்தை போதும். மதுரை வரைக்கும் இருந்த பேர் தப்பித்துவிடும். அவள் ஒரு அழுகை அழுதிருந்தால், தலையைக் குனிந்திருந்தால், அவன் அதையே எடுத்துக்கொண்டு ஆயுசுக்கும் போதும் என்று போயிருப்பான்.

அவள் நிமிர்ந்துதான் பேசினாள்.

"எங்க அண்ணன் எப்பவுமே அரைகுறதான் அத்தை. நாலு எடத்துல வேலய ஒத்துக்கிட்டு எதுலயும் நிக்க மாட்டாக. சரியாப் பாக்காம ஒட்டிட்டாக. அவுகளுக்கும் எனக்கும் இனிமே பேச்சில்ல. இந்த வாசப்படி மிதிக்க வேண்டாம்னு சொல்லிருங்க."

கிழவி ஆச்சரியப்பட்டு மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். சின்னத்துரை மச்சானைப் பார்த்தான்.

"ஆமா மாப்பிள்ள," என்றான் சௌந்தரபாண்டியன். "நான்தான் சரியாப் பாக்கல."

வத்தல் கதை மண்டிக்கு மண்டி பரவியது. மில்லுக்காரர்கள் கூப்பிடுவது குறைந்து, பிறகு நின்றுபோனது. நல்லகண்ணு வேறு ஆளிடம் வேலைக்குப் போனான். போகும்போது, "அண்ணாச்சி, வாளி காஞ்சிதான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னான். தப்பு தன் பேரில் இல்லை என்று ஒரு தடவையாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது அவனுக்கு, வேறொன்றுமில்லை. சௌந்தரபாண்டியன் காரியாபட்டியில் ஒருத்தன் சிமெண்டுக் கடையில் மூடை ஏற்றி இறக்குகிற கணக்குப் பார்க்கப் போனான். தங்கச்சிக்கு நல்லது கெட்டது எதற்கும் ஆள் அனுப்பவில்லை, அங்கிருந்தும் வரவில்லை. "வளத்துவிட்டதுக்கு நல்லாக் குடுத்தா," என்று பொன்னுத்தாய் ஒருநாள் சொன்னாள். அவளிடமும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து, ஒரு மாசி மாசம், கடை லோடோடு அருப்புக்கோட்டைக்குப் போகவேண்டியிருந்தது. லாரி அந்தத் தெரு வழியாகத்தான் போனது. கிட்டங்கித் தளத்தில் ஃபெல்ட்டை உரித்துவிட்டு ஓடு பதித்திருந்தார்கள். ஓட்டின் மேல் மிளகாய் பரந்து கிடந்தது. நடுவில் சுந்தராம்பாள் நின்று நாலைந்து பெண்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். குரலில் மாமியாரின் அதே காரம். இடுப்பில் சாவிக்கொத்து. கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

லாரிச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாள். பார்த்தது நிச்சயம். முந்தானையை இழுத்து வெயிலுக்கு மறைப்பது போலத் தலையில் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றாள். லாரி முக்குத் திரும்புகிற வரைக்கும் அந்த முதுகு அசையவில்லை.

நன்றாக வாழ்கிறாள் என்று சௌந்தரபாண்டியன் நினைத்தான். அவன் அன்றைக்கு அந்த நுரையின் மேல் தாரை ஊற்றச் சொன்னது இதற்காகத்தான். கேட்டது கிடைத்துவிட்டது. பிறகும் காரியாபட்டி போய்ச் சேருகிறவரைக்கும் அவன் அழுதுகொண்டே போனான். டிரைவர் கேட்டதற்கு, வத்தல் நெடி கண்ணில் பட்டுவிட்டது என்று சொன்னான்.